பெயிண்ட் டின்னைத் தமிழில் பேச வையுங்கள்!

கடைக்குப் போகிறோம். பெயிண்ட் வாங்குகிறோம். டின்னின் முன்பக்கத்தைப் பார்க்கிறோம். நிறம் பிடித்திருக்கிறதா? விலை என்ன? அவ்வளவுதான்.

பின்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் எவ்வளவு தூரம் வரும்? எப்போது காயும்? மறுபடி எப்போது அடிக்கலாம்? எதைக் கலக்க வேண்டும்? எதில் ஆபத்து? எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் பல டின்களில் அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. எழுத்தும் கடுகு போல இருக்கிறது.

இப்போது மக்கள் ஒரு வழி கண்டுபிடித்து இருக்கிறார்கள். செல்போனில் டின்னைப் படம் பிடிக்கிறார்கள். வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு அனுப்புகிறார்கள். பிள்ளை அதைத் தமிழில் எழுதி அனுப்புகிறது.

நல்ல வழிதான். ஆனால் அதற்கு ஆங்கிலம் தெரிந்தால் மட்டும் போதாது. சொல்லுக்குச் சொல் தமிழ் எழுதினால் கதவு கெட்டுப் போகும். பணம் வீணாகும். சில சமயம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து வரும். டின்னில் உள்ள வார்த்தையை அல்ல, கை செய்ய வேண்டிய வேலையைத் தமிழில் எழுத வேண்டும். இது நம் கருத்து.

ஏன் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

இரண்டு கதவுகள்

திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம். பொங்கல் வருகிறது. வீட்டில் இரண்டு மரக் கதவுகள். பழைய பெயிண்ட் மங்கிவிட்டது. புது எனாமல் பெயிண்ட் அடிக்க வேண்டும். அம்மா ஒரு லிட்டர் டின் ஒன்று வாங்கி வந்தார். பின்பக்கத்தைப் படம் எடுத்துச் சென்னையில் கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அனுப்பினார்.

மகள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் படத்தைப் பார்க்க வேண்டும். டின் உருண்டை. ஆகவே ஒரே படத்தில் எல்லா வரியும் விழாது. வரியின் தலையும் வாலும் வளைவில் மறைந்து போகும். "10 முதல் 12" என்று இருப்பதில் 10 மறைந்து 12 மட்டும் தெரியும். மினுமினுப்பான தகரத்தில் விளக்கு வெளிச்சம் பட்டால் நடுவில் இருக்கும் எழுத்தும் வெள்ளையாகப் போய்விடும்.

ஆகவே மூன்று படம் வேண்டும். டின்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுக்க வேண்டும். வெயிலிலும் வேண்டாம், விளக்கடியிலும் வேண்டாம். திண்ணை நிழலில் எடுத்தால் தெளிவாக விழும். ஒரு படத்தின் கடைசிச் சொல், அடுத்த படத்தின் நடுவில் வர வேண்டும். அப்போதுதான் எதுவும் விட்டுப் போகாது.

தெரியாத எண்ணை ஊகித்து எழுதக் கூடாது. "அம்மா, அந்த இடம் தெரியலை. இன்னொரு படம் அனுப்புங்க" என்று கேட்பதே சரி. போன வருஷத்து டின்னில் இருந்த எண்ணையும் எழுதக் கூடாது. ஒவ்வொரு பெயிண்டுக்கும் எண் வேறு.

ஒரு லிட்டர் எவ்வளவு வரும்?

படத்தில் முதல் வரி 'கவரேஜ்'. "10 முதல் 12 சதுர மீட்டர், லிட்டர் ஒன்றுக்கு, கோட் ஒன்றுக்கு" என்று அதில் இருக்கிறது.

கவரேஜ் என்பதற்கு 'மூடுதல்' என்று எழுதினால் அம்மாவுக்கு என்ன புரியும்? டின்னை மூடச் சொல்கிறார்கள் என்று நினைப்பார். "ஒரு லிட்டர் பெயிண்ட் எவ்வளவு இடத்துக்கு வரும்" என்று எழுத வேண்டும்.

அடுத்தது அளவு. நம் ஊரில் கதவை அடிக்கணக்கில் அளக்கிறோம். டின்னோ மீட்டரில் சொல்கிறது. ஒரு சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 10¾ சதுர அடி. அப்படியானால் 10 சதுர மீட்டர் என்பது 107 சதுர அடி. கணக்குக்கு 100 என்று வைத்துக் கொள்ளலாம். டின்னில் இருக்கும் பெரிய எண் வழவழப்பான பரப்புக்கு உரியது. நம் கதவில் பள்ளமும் மேடும் இருக்கும். ஆகவே சின்ன எண்ணையே எடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். 'கோட் ஒன்றுக்கு' என்ற சொல்! படத்தில் அது ஒரு சாய்ந்த கோடும் நாலு எழுத்தும்தான். எளிதில் விட்டுப் போகும்.

கணக்குப் போடுவோம். கதவு 7 அடி உயரம், 3 அடி அகலம். ஒரு பக்கம் 21 சதுர அடி. இரண்டு பக்கமும் 42. இரண்டு கதவுக்கும் 84. நிலைக்கும் அடிக்க வேண்டும் அல்லவா? நிலையின் இரு கால்களும் மேல் கட்டையும் சேர்ந்து நீளம் 17 அடி. கண்ணுக்குத் தெரியும் பக்கங்களின் அகலம் எல்லாம் சேர்ந்து ஓர் அடி என்று வைப்போம். ஒரு நிலைக்கு 17 சதுர அடி. இரண்டுக்கு 34. மொத்தம் 118 சதுர அடி.

இது ஒரு கோட்டுக்கு. இரண்டு கோட் அடித்தால் 236 சதுர அடி. லிட்டருக்கு 100 என்றால் இரண்டரை லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் டின் இரண்டு, அரை லிட்டர் டின் ஒன்று.

'கோட் ஒன்றுக்கு' என்பதை மகள் விட்டுவிட்டால்? அம்மா ஒன்றேகால் லிட்டர் போதும் என்று நினைப்பார். முதல் கோட்டிலேயே பெயிண்ட் தீர்ந்து போகும். பொங்கலுக்கு முதல் நாள் மறுபடி கடைக்கு ஓட வேண்டும். அப்போது கிடைக்கும் டின் வேறு தயாரிப்பாக இருந்தால் நிறமும் ஒரு சாயல் மாறலாம்.

மீட்டரை அடி என்று எழுதிவிட்டால்? அப்போது 24 லிட்டர் வாங்க வேண்டும் என்று கணக்கு வரும்! வீடு முழுதும் டின்தான் இருக்கும்.

எட்டு மணியா, எட்டு மணி நேரமா?

அடுத்த வரிகள் காய்வதைப் பற்றியவை. நம் டின்னில் மூன்று எண்கள் இருக்கின்றன. மேலே காய 4 முதல் 6 மணி நேரம். அடுத்த கோட் அடிக்க 8 முதல் 10 மணி நேரம். இறுகிக் காய 24 மணி நேரம்.

இங்கே தமிழிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. "8 மணிக்குப் பிறகு அடிக்கவும்" என்று எழுதினால் என்ன ஆகும்?

"ஏம்மா, எட்டு மணின்னா காலையிலா, ராத்திரியிலா?" என்று அம்மா கேட்பார். கேட்டால் நல்லது. கேட்காமல் காலை 6 மணிக்கு ஒரு கோட்டும் 8 மணிக்கு இன்னொரு கோட்டும் அடித்துவிட்டால்? அதோகதிதான்! ஆகவே "முதல் கோட் அடித்து முடித்து 8 மணி நேரம் கழித்து" என்று முழுதாக எழுத வேண்டும்.

மூன்று எண்ணையும் 'காயும் நேரம்' என்று ஒன்றாகப் போட்டுவிடுவதும் தவறு. மூன்றும் வேறு வேறு.

எனாமல் பெயிண்ட் இரண்டு முறை காய்கிறது. முதலில் அதில் இருக்கும் டர்பன்டைன் ஆவியாகப் போகிறது. அப்போது மேல் ஏடு கையில் ஒட்டாது. பிறகுதான் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை காற்றில் இருந்து பிராண வாயுவை வாங்கி மெல்ல இறுகுகிறது. பால் ஏடு கட்டியதும் பால் முழுதும் தயிராகிவிட்டது என்று சொல்ல முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

மேலே மட்டும் காய்ந்த போது அடுத்த கோட் அடித்தால், புது பெயிண்டில் உள்ள டர்பன்டைன் கீழே இருக்கும் இளம் ஏட்டை ஊற வைக்கும். ஏடு உப்பும். காய்ந்த வற்றல் போலச் சுருக்கம் விழும். முதல் கோட்டைக் கனமாக அப்பினாலும் இதே சுருக்கம் வரும். சுருங்கிய பெயிண்டை மேலே இன்னொரு கோட் அடித்து மறைக்க முடியாது. நன்றாகக் காய விட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? விரலால் தொட்டுப் பார்ப்பது போதாது. யாருக்கும் தெரியாத ஓர் ஓரத்தில் கட்டை விரலை அழுத்தி, லேசாகத் திருகிப் பாருங்கள். ரேகையும் பதியக் கூடாது, பெயிண்டும் நகரக் கூடாது. நகர்ந்தால் மேல் ஏடு மட்டும்தான் காய்ந்திருக்கிறது.

இன்னொன்று. டின்னில் போட்ட நேரம் நல்ல வெதுவெதுப்பும் காற்றும் இருக்கும் நாளுக்கு உரியது. பொங்கலுக்கு முன் மார்கழி. இரவில் பனி. குளிரிலும் ஈரத்திலும் பெயிண்ட் மெதுவாகத்தான் காயும். ஈர பெயிண்டின் மேல் பனி விழுந்தால் பளபளப்பும் போய்விடும்.

ஆகவே மகள் எண்ணை மட்டும் எழுதினால் போதாது. நாளாகப் பிரித்து எழுத வேண்டும். சனிக்கிழமை காலை 9 மணிக்கு முதல் கோட். எட்டு மணி நேரம் கழித்தால் மாலை 5 மணி. பனி தொடங்கும் நேரம். அப்போது அடிக்கக் கூடாது. ஞாயிறு காலை 9 மணிக்கு இரண்டாவது கோட். திங்கள் காலை 9 மணி வரை கதவை நிலையோடு இறுக்கிச் சாத்தக் கூடாது. சாத்தினால் கதவும் நிலையும் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் பெயிண்ட் பட்டையாக உரியும். இரண்டு கதவையும் ஒரே நாளில் அடித்துவிட்டு இரவில் திண்டாடக் கூடாது. கொல்லைக் கதவு இறுகிய பிறகு வாசல் கதவுக்கு வரலாம். வாசல் கதவு என்றால், நிலையோடு சேரும் ஓரங்களை விடியற்காலையில் பனி விலகியதும் முதலில் அடித்துவிட வேண்டும்.

எந்தத் தின்னர்?

அடுத்த வரி 'தின்னர்'. "மினரல் டர்பன்டைன். பிரஷ்ஷால் அடிக்க 5 முதல் 8 சதவீதம்" என்று இருக்கிறது.

மகள் "தின்னர் கலக்கவும்" என்று எழுதினால் அம்மா கடையில் போய் "ஒரு தின்னர் கொடுங்க" என்பார். கடைக்காரர் என்ன கொடுப்பார்? பெரும்பாலும் என்.சி. தின்னர் கொடுப்பார். அது மரச்சாமான்களுக்கு அடிக்கும் லாக்கருக்கு உரியது. காட்டமான சரக்கு. எனாமலில் அதை ஊற்றினால் பிரஷ் ஓடுவதற்குள் பெயிண்ட் இழுபடும். கீழே இருக்கும் பழைய பெயிண்டையும் கிளப்பிவிடும்.

'மினரல்' என்பதைக் 'கனிம டர்பன்டைன்' என்று எழுதினாலும் கடையில் யாருக்கும் புரியாது. கடையில் அதற்குப் பெயர் வெறும் டர்பன்டைன். அப்படியே எழுத வேண்டும். "டர்பன்டைன் வாங்கவும். என்.சி. தின்னர் வேண்டாம்" என்று இரண்டையும் எழுதினால் தப்பே வராது.

மண்ணெண்ணெயை ஊற்றுபவர்களும் உண்டு. மலிவு என்று செய்கிறார்கள். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. பெயிண்ட் நாள் கணக்கில் பிசுபிசுக்கும். பளபளப்பும் வராது.

சதவீதத்தையும் அளவாக மாற்ற வேண்டும். ஒரு லிட்டருக்கு 5 சதவீதம் என்றால் 50 மில்லி. 8 சதவீதம் என்றால் 80 மில்லி. அதற்கு மேல் ஊற்றினால் பெயிண்ட் நீர்த்து ஒழுகும். கதவில் கண்ணீர் வழிந்தது போலக் கோடு விழும். அடியில் உள்ள நிறமும் தெரியும். மூன்றாவது கோட் அடிக்க நேரும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு கூடும்!

கலக்கும் முன் டின்னின் அடிவரை குச்சியை விட்டுக் கிளற வேண்டும். கனமான நிறப்பொடி அடியில்தான் படிந்து இருக்கும்.

எச்சரிக்கை வரிகள்

கடைசியில் எச்சரிக்கை. எழுத்து இன்னும் சின்னதாக இருக்கும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

"தீப்பற்றும்" என்பது ஒன்று. ஆங்கிலத்தில் 'ஃபிளேமபிள்' என்றும் எழுதுவார்கள், 'இன்ஃபிளேமபிள்' என்றும் எழுதுவார்கள். 'இன்' என்று தொடங்குவதால் தீப்பற்றாது என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. இரண்டும் தீப்பற்றும்! ஆகவே அடுப்பு, சாமி விளக்கு, ஊதுவத்தி, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

"போதிய காற்றோட்டம்" என்பது இன்னொன்று. இப்படி எழுதினால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. "ஜன்னலைத் திறந்து வைக்கவும். அன்று இரவு அந்த அறையில் படுக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். மார்கழிக் குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் நாம்.

மூன்றாவது வரிதான் உயிர் வரி. "விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது." ஆங்கிலத்தில் 'நாட்' என்ற ஒரு சின்னச் சொல்தான் இதில் காவல். படத்தில் அது மறைந்தால் பொருளே தலைகீழாகிவிடும். நம் ஊரிலோ, குழந்தை எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது வழக்கம். டர்பன்டைனுக்கு அது ஆகாது. வாந்தியாக மேலே வரும்போது அது மூச்சுக் குழலுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். டின்னையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

மீந்த டர்பன்டைனைத் தண்ணீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். தாகத்தில் வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

ஈயமா, காரீயமா?

'லெட்' என்று ஒரு சொல் டின்னில் இருக்கிறது. அகராதியைப் பார்த்தால் ஈயம் என்று இருக்கும். மகள் அப்படியே எழுதினால் அம்மா சிரிப்பார். "ஈயச் சொம்புலதானே ரசம் வைக்கிறோம். அதுல என்ன கெடுதி?" என்பார்.

அம்மா சொல்வது சரிதான். ஆனால் ரசச் சொம்பு வெள்ளீயம். டின்னில் சொல்லப்படுவது காரீயம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே 'காரீயம்' என்றே எழுத வேண்டும்.

வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016-ம் ஆண்டில் விதி செய்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதைத்தான் டின்னில் சொல்கிறார்கள்.

அப்படியானால் பயம் இல்லையா? புது டின்னில் பயம் குறைவு. பழைய கதவில்தான் பயம். அதற்கு முன் அடித்த பெயிண்டில் காரீயம் இருக்கலாம். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூள் பறக்கும். தூள் குழந்தையின் கைக்குப் போகும். கையில் இருந்து வாய்க்குப் போகும். ஆகவே தண்ணீர் தொட்டு, ஈரத்தில் தேய்க்கும் தாளைக் கொண்டு தேய்க்க வேண்டும். கீழே விழுவதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. தேய்த்த இடம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

இப்படி எழுதுங்கள்

மகள் அனுப்ப வேண்டிய தமிழ் இதுதான்:

1. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உடனே ஆஸ்பத்திரி. டின்னையும் எடுத்துப் போகவும்.

2. தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, பீடி பக்கத்தில் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைக்கவும்.

3. பழைய பெயிண்டைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும். தூளில் காரீயம் இருக்கலாம். குழந்தைகள் வேண்டாம்.

4. ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி வரும். இரண்டு கதவு, இரண்டு கோட். மொத்தம் இரண்டரை லிட்டர்.

5. ஒரு லிட்டருக்கு டர்பன்டைன் 50 மில்லி. 80-ஐத் தாண்ட வேண்டாம். என்.சி. தின்னர் வேண்டாம்.

6. முதல் கோட் அடித்த மறுநாள் காலை இரண்டாவது கோட்.

7. இரண்டாவது கோட் அடித்து 24 மணி நேரம் கதவைச் சாத்த வேண்டாம். பனி அதிகம் என்றால் விரலால் திருகிப் பார்த்துவிட்டுச் சாத்தவும்.

ஏழே வரிகள்! ஒரு தாளில் பெரிதாக எழுதி டின்னிலேயே ஒட்டி வைக்கலாம். பெயிண்ட் அடிக்க வரும் ஆளும் படித்துக்கொள்வார். ஆனால் எண்கள் இந்த டின்னுக்கு மட்டும். அடுத்த டின்னுக்கு அதன் எண்ணைப் பார்த்து எழுத வேண்டும்.

கம்பெனிகளுக்கு ஒரு கேள்வி

இந்த வேலையைப் பிள்ளைகள் ஏன் செய்ய வேண்டும்? டின்னை விற்பவர்கள் செய்யக் கூடாதா?

பாக்கெட், டின் முதலியவற்றில் விலை, எடை போன்ற கட்டாய விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ போட வேண்டும் என்று 2011-ம் ஆண்டு விதி சொல்கிறது. அவற்றோடு வேறு மொழியிலும் போடலாம் என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே தமிழில் போடக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் விற்கும் டின்னில் நிறத்தின் பெயரைப் பெரிதாகப் போடுகிறார்கள். பளபளப்பைப் பற்றிப் பெரிதாகப் போடுகிறார்கள். அவற்றுக்கு இடம் இருக்கிறது. "வாந்தி எடுக்க வைக்கக் கூடாது" என்ற ஒரு வரிக்குத் தமிழில் இடம் இல்லையா? எல்லா வரியும் முடியாது என்றால், எச்சரிக்கை வரிகளை மட்டுமாவது தமிழில் போடட்டும். பாட்டி படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் போடட்டும்.

அதுவரை டின்னைத் திறப்பதற்கு முன் படம் எடுங்கள். திறந்துவிட்டால் பெயிண்ட் வழிந்து அந்த எழுத்தையும் மறைத்துவிடும்.